சிலைகள் இல்லாத குடில்

அந்தக் கிறிஸ்துமஸ் காலத்தில் நடந்தவற்றை வரிசையாக எழுதினால் இப்படி வரும்:

1. என் பேச்சை நம்பி மைனி இருநூறு குடில் செய்தாள்.
2. அக்டோபர் கடைசியில் அதை நான் ஓர் இணையச் சந்தையில் விற்பனைக்கு ஏற்றினேன். இரண்டு வாரம் யாரும் பார்க்கவில்லை.
3. தலைப்பை மாற்றினேன். ஆர்டர் வந்தது.
4. அனுப்பியதில் பெரும்பாலானவை திரும்பி வந்தன.
5. மறுபடியும் தலைப்பை மாற்றினேன். மைனி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
6. டிசம்பர் பதினெட்டோடு அனுப்புவது முடிந்தது. ஜனவரியில் இறால் கம்பெனிக்குப் போவதா வேண்டாமா என்று மைனி முடிவு சொன்னாள்.

இதில் ஆறாவதுதான் முக்கியம். மற்ற ஐந்தும் அதற்காக நடந்தவை.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. என்னைவிட மூன்று வயது மூப்பு. அண்ணனைக் கட்டுவதற்கு முன்பே நாங்கள் ஒரே ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்தவர்கள். அதனால் எங்களுக்குள் 'நீ'தான். கொல்லம் பக்கம் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் இறால் உரித்தாள். அங்கேயே விடுதியில் தங்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை எங்கள் ஊரான தேங்காய்ப்பட்டணத்துக்கு வருவாள். அவள் மகள் எங்கள் அம்மாவிடம் வளர்ந்தாள். ஒருமுறை வந்தபோது அந்தப் பிள்ளை, அவளை வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல நாற்காலி போட்டு உட்காரச் சொன்னது. அடுத்த மாதம் மைனி வேலையை விட்டுவிட்டாள்.

விட்டபின் அவள் கையில் எடுத்தது குடில். எங்கள் பகுதியில் தேங்காய்த் தொண்டு, அதை அடித்து எடுக்கும் தும்பு நார், கயிறு எதற்கும் பஞ்சமில்லை. ஒட்டுப்பலகையில் அடித்தளம், பின்சுவர், மூங்கில் பட்டையில் பக்கங்கள், மேலே தும்புப் பாயில் கூரை. கூரையைத் தனியாகக் கழற்றி மடக்கலாம். அது அவளே யோசித்தது. முதல் வருடம் பங்குக் கோயில் திருவிழாக் கடையில் முப்பது விற்றது. முப்பது குடிலை நம்பி ஒரு குடும்பம் இருக்க முடியாது. இறால் கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் ஓர் அம்மா பக்கத்து ஊரான புதுக்கடையில் இருக்கிறார். ஜனவரியில் பெயர் எழுதுவார். மைனியின் பெயருக்கு இடம் வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்போதுதான் நான் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். கணினிப் பொறியியல் படித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்த்தேன். எது நடக்க வேண்டும், எது நடந்தது என்று இரண்டு பத்தி போட்டு எழுதுவதுதான் அந்த வேலை. ஒப்பந்தம் முடிந்து வந்த முதல் வாரத்திலேயே மைனியிடம் சொன்னேன்.

"ஆன்லைன்ல போடலாம்."

"நெசமாவே போவுமா ஏட்டி? இஞ்ச முப்பதுதான் போச்சு."

"இஞ்ச உள்ளவங்களே கொஞ்சம் பேருதானே. அது இந்தியா முழுக்க."

"இந்தியா முழுக்க எத்தன போவும்?"

"இருநூறு செய்."

எந்தக் கணக்கும் இல்லாமல்தான் சொன்னேன். அவள் தெற்கு வீட்டு அக்காவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, இருநூறு செய்தாள்.

முதல் தலைப்பை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால், 'கைவினை, இயற்கைக்கு உகந்த, பாரம்பரியத் தும்புக் குடில், கன்னியாகுமரி சிறப்பு' என்று வரும். மைனிக்கு வாசித்துக் காட்டினேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாக இருக்கிறது என்றாள். அதுதான் அதன் குறை. கல்யாணப் பத்திரிகையை யாரும் தேடி வருவதில்லை.

இரண்டு வாரம் விற்பனையாளர் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். பார்த்தவர்கள் என்ற இடத்தில் இருந்த ஒன்றிரண்டும் நானும் வெளியூரில் வேலையிலிருந்த அண்ணனும்தான். பிறகு, பழைய வேலையில் முதல் நாளே செய்திருப்பதை இங்கே தாமதமாகச் செய்தேன். விற்பவள் பக்கத்தை மூடிவிட்டு, வாங்குபவள் பக்கத்தில் நின்று தேடல் பெட்டியில் தட்டினேன். கிறிஸ்துமஸ் என்று தட்டியதுமே கீழே ஒரு பட்டியல் விழுந்தது. அது மற்றவர்கள் அடிக்கடி தேடும் சொற்களிலிருந்து வருவது. அடுத்த எழுத்து, அதற்கடுத்த எழுத்து என்று மாற்றி மாற்றித் தட்டி, விழுந்ததையெல்லாம் நோட்டில் எழுதினேன். குடிலுக்கு ஆங்கிலத்தில் கிரிப் என்பார்கள். கிறிஸ்துமஸ் கிரிப் செட். கிரிப் செட் ஃபார் ஹோம். ஜீசஸ் பர்த் செட். கிறிஸ்துமஸ் டெக்கரேஷன் ஐட்டம்ஸ். எதிலும் 'பாரம்பரியம்' இல்லை. 'இயற்கைக்கு உகந்த' இல்லை. கன்னியாகுமரியும் இல்லை. குடில் என்றும், மலையாளத்தில் புல்கூடு என்றும் ஆங்கில எழுத்தில் தட்டினால் சில பொருட்கள் வந்தன. ஆனால் அப்படித் தட்டுகிறவர்கள் குறைவு என்று தோன்றியது.

ஆகவே தலைப்பின் முதல் சொற்களை 'கிறிஸ்துமஸ் கிரிப் செட் ஃபார் ஹோம்' என்று மாற்றினேன். கைப்பேசியில் தேடும்போது நீளமான தலைப்பின் முன்பகுதி மட்டுமே தெரியும். வாலில் எழுதுவது யார் கண்ணிலும் படாது. தும்பு, கைவினை எல்லாவற்றையும் வாலுக்குத் தள்ளினேன். வாங்குபவருக்குத் தெரியாமல் தேடலுக்கு மட்டும் உதவும் சொற்களை நிரப்ப ஒரு கட்டம் உண்டு. அதில் குடில், புல்கூடு, ஜீசஸ் பர்த், மேரி, ஜோசப், ஸ்டேச்சு என்று போட்டேன். மேரியும் ஜோசப்பும் எங்கள் பெட்டிக்குள் இல்லை. அந்தச் சொற்களைத் தேடி வருகிறவர் எதை எதிர்பார்த்து வருவார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஆட்கள் வர வேண்டும் என்பது மட்டும்தான் எண்ணம்.

ஆட்கள் வந்தார்கள். மாற்றம் மறுநாள் தேடலில் தெரிந்தது. அதற்கு மறுநாள் முதல் ஆர்டர். பத்து நாளில் இருபத்தாறு. தெற்கு வீட்டு அக்கா ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டிய முகவரியை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். நாக்பூர், கொல்கத்தா, குர்கான்.

"குர்கான் எங்க கெடக்கு மக்கா?"

"டெல்லிக்குப் பக்கத்துல அக்கா."

"எனக்க தும்பு டெல்லிக்குப் போவுது. நான் இன்னும் மதுரை கண்டதில்ல."

நவம்பர் கடைசி வாரத்தில் பெட்டிகள் திரும்ப ஆரம்பித்தன. முதலில் ஒன்று. பிறகு ஒரே நாளில் நான்கு. கூரியர்காரர் ஆட்டோவிலிருந்து இறக்கிக் கொட்டகை வாசலில் வரிசையாக அடுக்கிவிட்டு, "எல்லாம் ஒங்க பெட்டிதான்" என்றார். சிலவற்றில் கூரை நசுங்கியிருந்தது. திருப்பியதற்கான காரணங்களை விற்பனையாளர் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பாகங்கள் குறைவு. விவரித்தபடி இல்லை. பாகங்கள் குறைவு. சிலர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள், அவர்களில் ஒருவர் மதிப்புரையும் எழுதியிருந்தார். காலி வீடு வந்திருக்கிறது, குழந்தை இயேசு எங்கே என்று கேட்டிருந்தார்.

அதை நான் வாசித்ததும் மைனிக்கும் அக்காவுக்கும் விளங்கவே இல்லை.

"பிள்ள எங்கன்னா கேக்கா?" என்றாள் அக்கா. "பொறக்க இன்னும் ஒரு மாசம் கெடக்குன்னு எழுதிப் போடு மக்கா."

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின், குடிலுக்கு நாங்கள் போட்டிருந்த படத்தைத் திறந்து பார்த்தேன். தவறு முழுவதும் அங்கே இருந்தது.

எங்கள் கடற்கரையில் யாரும் குடிலைச் சிலைகளோடு வாங்குவதில்லை. சிலைகள் வீட்டில் இருக்கும். துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு, அலமாரி மேல் வருடம் முழுக்கக் கிடக்கும். ஒரு ஆட்டுக்குக் கால் போயிருக்கும், ஒரு ராஜாவுக்கு மூக்கு போயிருக்கும். அவற்றை யாரும் மாற்ற மாட்டார்கள். வருடாவருடம் புதிதாகச் செய்வது குடில் மட்டும். அதிலும் குழந்தையை வைப்பது கிறிஸ்துமஸ் இரவுப் பூசை முடிந்து வந்தபின். அதுவரை குழந்தையைக் கிடத்தும் முன்னணை காலியாகத்தான் இருக்கும். படம் எடுத்த அன்று, அழகாக இருக்கட்டும் என்று மைனி தன் வீட்டு மாதாவையும் சூசையப்பரையும், அதாவது மேரியையும் ஜோசப்பையும், இரண்டு ஆடுகளையும் எடுத்து வைத்தாள். குழந்தையை எடுக்கவில்லை. அக்டோபரில் குழந்தையை வைப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியாது. எனக்கும் அது குறையாகத் தெரியவில்லை. அக்காவையும் சேர்த்து எங்கள் மூன்று பேருக்குமே தெரியவில்லை. சிலைகள் காட்சிக்கு மட்டும் என்று விவரணையின் கடைசி வரியில் எழுதியிருந்தேன். கடைசி வரியை யார் வாசிக்கிறார்கள்?

நாக்பூரில் இருப்பவருக்கு அலமாரி மேல் பெட்டி இல்லை. பிள்ளைகள் கேட்டார்கள் என்று முதல்முறையாக 'செட்' தேடுகிறவர் அவர். செட் என்றால் அவருக்கு எல்லாம் சேர்ந்தது. தலைப்பு செட் என்றது. படம் நான்கு சிலைகளைக் காட்டியது. போனது ஒரு காலி வீடு.

எது நடக்க வேண்டும், எது நடந்தது என்று இரண்டு பத்தி போட்டேன். மூன்றாவது பத்தி, யாரால் என்பது. அதில் என் பெயர் மட்டும்தான் வந்தது.

அண்ணன் போனில் வழி சொன்னான். புதுக்கடையில் பிளாஸ்டர் சிலை கிடைக்கும், வாங்கிச் சேர்த்து அனுப்பு. விசாரித்தேன். அந்த நேரத்துக்குக் கிடைத்தவை கனமானவை, சிறு தட்டுக்கே உடைபவை. பெட்டியும் எடையும் மாறிவிடும். கழுத்து ஒடிந்த சூசையப்பர் ஊர் ஊராகத் திரும்பி வருவதை நினைத்துப் பார்த்து, வேண்டாம் என்றேன்.

திரும்பி வராத ஆர்டர்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது இருந்தன. இடையில் கொஞ்சம் விளம்பரமும் கொடுத்திருந்தேன். விளம்பரம் கொடுத்தால் ஒரு பயன் உண்டு. எந்தச் சொல்லைத் தட்டியவர் நம் பொருளை அழுத்தினார், எந்தச் சொல்லுக்கு ஆர்டர் ஆனது என்று ஓர் அறிக்கை கிடைக்கும். அதை இறக்கி வரிசைப்படுத்தினேன். மேலே அதிகம் அழுத்தப்பட்டவை எல்லாம் செட், செட், செட். எந்த ஆர்டர் திரும்பியது என்பதை அந்த அறிக்கை சொல்லாது. ஆனால் கீழே ஒரு அழுத்தம், இரண்டு அழுத்தம் என்று கிடந்த சொற்கள் வேறு மாதிரி இருந்தன. கிரிப் ஹவுஸ் ஒன்லி. எம்ப்டி கிரிப் வித்தவுட் ஸ்டேச்சூஸ். ஹட் ஃபார் கிரிப். ஆட்கள் குறைவு. ஆனால் அழுத்தியவர்களில் பாதிப்பேர் வாங்கியிருந்தார்கள்.

அதே நாளில் பொருளின் கீழ் ஒருவர் கேள்வி கேட்டிருந்தார். மும்பையிலிருந்து ஒரு பெண்மணி. தன்னிடம் இருக்கும் சிலைகள் எட்டு அங்குலம், அம்மா காலத்தவை, உங்கள் குடிலுக்குள் நிற்குமா என்று கேட்டிருந்தார்.

அதை மூன்று முறை வாசித்தேன். அவரிடம் அலமாரி மேல் பெட்டி இருந்தது.

அப்படிப்பட்டவர்கள் மும்பையிலும் பெங்களூரிலும் கோவாவிலும் இருப்பார்கள். சிலை இருக்கும், அடுக்குமாடி வீட்டில் தும்பும் மூங்கிலும் இருக்காது. அவர்களுக்கு வேண்டியது வீடு மட்டும். அவர்கள் தட்டுவதும் அதைத்தான். எங்கள் விவரணையில் பலகையின் தடிமன்கூட இருந்தது. எத்தனை அங்குலச் சிலை உள்ளே நிற்கும் என்பது இல்லை.

டேப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். தளத்திலிருந்து முன்விட்டம் வரை பத்தரை அங்குலம். ஒன்பது அங்குலச் சிலை தாராளமாக நிற்கும். புதுத் தலைப்பை எழுதி மைனிக்குக் காட்டினேன். 'சிலைகள் இல்லாத கிறிஸ்துமஸ் கிரிப் ஹவுஸ், ஆறு முதல் ஒன்பது அங்குலச் சிலைகளுக்கான காலிக் குடில், தும்புக் கூரை.' ஆங்கிலத்தில் 'கிறிஸ்துமஸ் கிரிப் ஹவுஸ்' முடிந்த உடனே 'வித்தவுட் ஸ்டேச்சூஸ்' வரும். கைப்பேசியிலும் அது வெட்டுப்படாது.

மைனி கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள்.

"இல்லாதத மொதல்லயே சொல்லியா விப்பாவ? சந்தையில ஒருத்தி, எனக்க மீனுல முட்டை இல்லன்னு கூவுவாளா ஏட்டி?"

"முட்டை இல்லாத மீனுதான் வேணும்னு தேடி வாறவ இருந்தா கூவுவா."

"செட்டுன்னு போட்டதுக்கு இருபத்தாறு வந்துது."

"பதினேழு திரும்பி வந்துதே மைனி."

"ஒம்பது நின்னுதுல்லா. அப்படியே போட்டும். பத்துல மூணு நின்னாலும் எனக்குப் போரும்."

"திரும்பி வாறதெல்லாம் நசுங்கில்லா வருது. இப்பிடியே போனா இந்தப் பக்கத்த அவனே பூட்டிருவான்."

அது உண்மைதான். திரும்பி வருவது ஒரு அளவைத் தாண்டினால் பொருளைத் தேடலிலிருந்து எடுத்துவிடுவார்கள். மைனி கத்தரியைத் திரும்ப எடுத்தாள். "எனக்க பேர எழுத அந்தம்மா சனவரியில வருவா. ஒனக்கென்ன, ஒனக்குப் படிப்பு இருக்கு" என்றாள். அதன்பின் இரண்டு நாள் அக்கா வழியாகத்தான் பேசினாள். அதில் அக்காவுக்கு நல்ல பொழுதுபோக்கு. "ஒனக்க மைனி பசை தீந்துட்டுன்னு சொல்லியா. நேரா சொல்ல வாய் வலிக்கி போல."

அவளுடைய சம்மதம் இல்லாமலேயே மாற்றினேன். அதை இப்போதும் சரி என்று சொல்ல மாட்டேன். செய்தது இவ்வளவு. தலைப்பை மாற்றினேன். மறைவான கட்டத்திலிருந்து மேரி, ஜோசப், ஸ்டேச்சு மூன்றையும் எடுத்தேன். தலைப்பில் இருக்கும் சொல்லை அங்கே திரும்பப் போடுவது வீண் என்பதால், அந்த இடத்தில் ஸ்டேபிள், மேஞ்சர், நேட்டிவிட்டி என்று குடிலைத் தேடுகிறவர்கள் தட்டும் வேறு ஆங்கிலச் சொற்களை வைத்தேன். குடிலும் புல்கூடும் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன். விவரணையின் முதல் வரி: பெட்டியில் இருப்பது வீடு மட்டும், சிலைகள் இல்லை. இரண்டாவது வரி: உங்களிடம் உள்ள மிக உயரமான சிலையை அளந்து பாருங்கள், ஒன்பது அங்குலம் வரை நிற்கும். முதல் படத்தில் காலிக் குடிலை மட்டும் வைத்தேன். பெட்டியில் வருவதை மட்டும்தான் முதல் படத்தில் காட்ட வேண்டும் என்பது அந்தச் சந்தையின் விதி. அதை நான் அக்டோபரிலேயே வாசித்து, தலையாட்டி, மீறியிருந்தேன். இரண்டாவது படத்தில் குடிலோடு ஓர் அளவுகோல்.

பழைய ஒற்றை நட்சத்திரங்களைத் தவிர்க்க அதே பொருளைப் புதிதாக ஏற்றலாமே என்று தோன்றியது. அதுவும் விதிக்குப் புறம்பு. விட்டுவிட்டேன். கிறிஸ்துமஸ் வரை அந்த நட்சத்திரங்கள் எங்கள் குடிலுக்கு மேலேயே இருந்தன.

பார்ப்பவர்கள் எண்ணிக்கை மூன்றில் ஒன்றாக விழுந்தது. முதல் நாள் ஆர்டரே இல்லை. இரண்டாம் நாள் ஒன்று, அது மும்பைப் பெண்மணி. மூன்றாம் நாள் நான்கு. அன்று மைனி நேரே என்னிடம் வந்து, "எத்தன பெட்டி ஒட்டணும்?" என்று கேட்டாள். சமாதானம் அவ்வளவுதான்.

டிசம்பர் பதினெட்டுக்குப் பிறகு ஆர்டர் எடுத்தால் வடக்கே நேரத்துக்குப் போய்ச் சேராது. அன்று நிறுத்தினேன். நின்ற இடம் இது. புதுத் தலைப்புக்குப் பின் அனுப்பியது நூற்றுப் பன்னிரண்டு. திரும்பியது ஐந்து. அதில் ஒன்று, சிலை பதினொரு அங்குலம் என்று அவர்களே மன்னிப்புக் கேட்டு அனுப்பியது. நசுங்கியவற்றைக் கழித்துக் கொட்டகையில் அறுபதுக்கு மேல் மிஞ்சின. மும்பைப் பெண்மணி படம் போட்டு எழுதியிருந்தார். எங்கள் கூரையின் கீழ் அவருடைய பழைய மாதா, சூசையப்பர், ஒரு கால் இல்லாத ஆடு. முன்னணை காலி. அவர் படம் எடுத்தது டிசம்பர் இருபது.

மைனி அந்தப் படத்தை என் போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். "இவ நம்ம ஆளுதான்" என்றாள்.

ஜனவரி முதல் வாரம் புதுக்கடை அம்மா வந்தார். கொட்டகையில் மிஞ்சிக் கிடந்த குடில்களைப் பார்த்தார்.

"இவ்வளவும் கெடக்கே. பேர எழுதட்டா?"

"இந்த வருசம் வேண்டாம்" என்றாள் மைனி. "அடுத்த வருசம் இது விக்கும். எப்பிடி விக்கணும்னு இப்ப தெரியும்."

"அடுத்த வருசம் வரைக்கும் நீ என்ன செய்வ?"

"கயிறு பாய் பின்னுவேன். அதுக்கும் இவ பேரு கண்டுபிடிப்பா."

அன்று எழுதப்பட்டது தெற்கு வீட்டு அக்காவின் பெயர். ஒருவருக்கு மட்டும் போதுமான வேலைதான் எங்களிடம் இருந்தது. அதை அக்கா எங்களுக்கு முன்பே கணக்குப் போட்டிருந்தாள். போகும் அன்று, "கொல்லத்துல குர்கான்னு கேட்டா நானும் வழி சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாள்.

இது நடந்து பத்து வருடம் ஆகப் போகிறது. இன்று குடில் மூன்று அளவுகளில் விற்கிறது. மூன்றுக்கும் சிலையின் உயரத்தை வைத்தே தலைப்பு. ஒவ்வோர் ஆகஸ்டிலும் தேடல் பெட்டியில் தட்டிப் பார்த்து நோட்டைப் புதுப்பிக்கிறேன். செப்டம்பர் கடைசியில் ஏற்றிவிடுகிறோம். கொட்டகையில் மைனியோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். மைனியின் மகள் நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறாள், தினமும் வீட்டிலிருந்து போய் வருகிறாள். தெற்கு வீட்டு அக்காவை இரண்டு முறை கூப்பிட்டோம். அவள் இன்னும் கொல்லத்தில்தான் இருக்கிறாள்.